ஒரு நிறுவனத்தின் பழைய பெயர், பழைய உரிமையாளர்... வெப்சைட்டை வைத்தே கண்டுபிடிப்பது எப்படி?

'25 ஆண்டு பாரம்பரியம்', 'அரசு பங்குள்ள நிறுவனம்'. கடலூரிலோ சிதம்பரத்திலோ உங்களிடம் டெபாசிட் கேட்கும் ஒரு நிறுவனத்தின் வெப்சைட்டில் இப்படி எழுதியிருக்கிறது. பணம் கட்டும் முன், போன வருஷமும் அதே பக்கத்தில் இதேதான் இருந்ததா என்று பார்க்க முடியுமா? முடியும்.

அமெரிக்காவின் 'இன்டர்நெட் ஆர்கைவ்' என்ற லாப நோக்கமற்ற அமைப்பு 1996 முதல் இணையப் பக்கங்களை அவ்வப்போது நகலெடுத்துச் சேமித்து வருகிறது. அந்த நகல்களைப் பார்க்க உதவுவதுதான் 'வேபேக் மெஷின்'. இலவசம், லாகின் தேவையில்லை.

விடை தெரிந்த கணக்கில் பழகுவோம்

கடலூர் மாவட்டத்துக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த என்.எல்.சி.யையே எடுத்துக்கொள்வோம். 1956-ல் தொடங்கிய 'நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன்', 2016-ல் 'என்.எல்.சி. இந்தியா லிமிடெட்' ஆனது. இன்று அதன் முகவரி nlcindia.in. பழைய ஆண்டறிக்கைகளில் இருப்பதோ nlcindia.com. முதல் பாடம் இதுதான்: இன்றைய முகவரியை மட்டும் தேடினால் பழைய கதை கிடைக்காது. பழைய விசிட்டிங் கார்டு, நோட்டீஸ், ஆண்டறிக்கையில் என்ன முகவரி இருக்கிறது என்று பாருங்கள்.

பிறகு பிரவுசரில் இப்படி டைப் செய்யுங்கள்:

```
https://web.archive.org/web/20150601/http://www.nlcindia.com
```

நடுவில் இருப்பது தேதி: 2015 ஜூன் 1. அன்றைய நகல் இல்லையென்றால், அதற்கு மிக அருகில் உள்ள நகல் திறக்கும். அதனால் பக்கம் திறந்ததும் முகவரியில் உள்ள 14 இலக்க எண்ணைப் பாருங்கள். உண்மையான தேதியும் நேரமும் அதில்தான் இருக்கும். அந்த நேரம் யு.டி.சி. கணக்கில் இருக்கும், நம்ம நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பழைய பெயர் இருக்கும் கடைசி நகல், புதிய பெயர் இருக்கும் முதல் நகல் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் மாறியது இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் என்று சொல்லலாம். ஆனால் வெப்சைட்டைத் தாமதமாக அப்டேட் செய்திருக்கலாம் என்பதால், சரியான தேதிக்கு கம்பெனி விவகாரத் துறையின் பதிவைத்தான் பார்க்க வேண்டும்.

பெயர் மாறும், எண் மாறாது

நிறுவனங்கள் தங்கள் வெப்சைட்டின் முகப்பில் சி.ஐ.என். என்ற 21 எழுத்து அடையாள எண்ணைப் போட வேண்டும் என்பது விதி. என்.எல்.சி.யின் எண் இது:

```
L93090TN1956GOI003507
```

L என்றால் பங்குச் சந்தையில் உள்ள நிறுவனம். TN தமிழ்நாடு. 1956 பதிவான ஆண்டு. GOI என்றால் மத்திய அரசு நிறுவனம். கடைசி ஆறு இலக்கம் பதிவு எண். பெயர் மட்டும் மாறினால் இது மாறாது. 'நாங்கதான் அந்தப் பழைய கம்பெனி' என்று ஒருவர் சொன்னால், பழைய நகலிலும் இன்றைய பக்கத்திலும் இந்த ஆறு இலக்கத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். 25 ஆண்டு பாரம்பரியம் என்பவரின் எண்ணில் 2019 என்று இருந்தால், மீதி ஆண்டுகள் எங்கே என்று கேட்கலாம்.

இன்னொன்று: பெயர் மாற்றிய நிறுவனம், இரண்டு ஆண்டுகள் வரை பழைய பெயரையும் சேர்த்தே காட்ட வேண்டும் என்கிறது 2013 கம்பெனிகள் சட்டம்.

யாருக்கு எவ்வளவு பங்கு?

2013 வரை என்.எல்.சி.யில் மத்திய அரசின் பங்கு 93.56 சதவீதம். அந்த ஆண்டு 3.56 சதவீதத்தைத் தமிழக அரசு நிறுவனங்கள் வாங்கின. மத்திய அரசிடம் 90 சதவீதம் இருந்தது. 2024 மார்ச் விற்பனைக்குப் பிறகு அது சுமார் 72 சதவீதம்.

இப்போது, 2014-ல் எடுத்த ஒரு நகலில் '93.56' என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2014-லும் அதுதான் பங்கு என்று எழுதிவிட்டால் தப்பு. அன்றைக்கு அந்தப் பக்கத்தில் அப்படி எழுதியிருந்தது என்பதற்கு மட்டுமே நகல் சாட்சி. எழுதியது உண்மையா என்பதற்கு அல்ல. பங்கு விவரத்தை, பங்குச் சந்தையில் காலாண்டுதோறும் தாக்கலாகும் அறிக்கையுடன் ஒப்பிட வேண்டும்.

எங்கே சறுக்கும்?

நகலுக்குள் ஒரு லிங்க்கை அழுத்தினால், அடுத்த பக்கம் வேறு வருஷத்து நகலாக இருக்கலாம். அதே பக்கத்தில் உள்ள படம்கூட வேறு தேதியில் எடுத்ததாக இருக்கலாம். ஒவ்வொரு பக்கத்திலும் தேதியைத் திரும்பப் பாருங்கள்.

புதுப்பிக்காமல் விட்ட முகவரியை வேறு யாராவது வாங்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு. முகவரி 2002-லிருந்து இருக்கிறது என்பதாலேயே நிறுவனமும் அப்போதிருந்து இருக்கிறது என்று ஆகாது.

நகலே இல்லையென்றால்? அதை மோசடி என்று முடிவு கட்ட வேண்டாம். சேமிப்பில் விடுபட்டிருக்கலாம், உரிமையாளர் கேட்டு நீக்கியிருக்கலாம்.

கடைசியாக ஒன்று. சந்தேகம் வந்தால், நிறுவனத்திடம் கேள்வி கேட்கும் முன்பே இன்றைய பக்கத்தை web.archive.org/save என்ற முகவரியில் சேமித்துவிடுங்கள். கேட்ட பிறகு பக்கம் மாறிவிட்டாலும், தேதியோடு ஒரு நகல் உங்கள் கையில் இருக்கும்.