பத்திரிகையில் பெயர்ப் பிழை: யார் பொறுப்பு?

500 கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. பிரித்துப் பார்த்தால் மணப்பெண் 'வள்ளி', 'வல்லி' ஆகியிருக்கிறாள்.

அச்சகம் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கடைசி புரூஃபை முதலில் பாருங்கள். அதில் பெயர் சரியாக இருந்து அச்சில் மாறியிருந்தால் தவறு அச்சகத்துடையது. இலவசமாக மறுபடி அடித்துத் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ தயங்காமல் கேட்கலாம். புரூஃபிலேயே 'வல்லி' இருந்து நீங்கள் 'ஓகே' சொல்லியிருந்தால் உங்கள் வாதம் பலவீனம்தான். செலவைப் பகிர்ந்துகொள்ளப் பேசிப் பார்க்கலாம். புரூஃபே காட்டவில்லையா? நீங்கள் எழுதிக் கொடுத்த தாள்தான் சாட்சி.

பத்திரிகைகளைக் கொடுக்கத் தொடங்காமல் கட்டோடு வையுங்கள். பில், புரூஃப், பிழையான பிரதியின் படம் ஆகியவற்றை இணைத்து, எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் கொடுக்கலாம்.