தேர்ச்சிக் கோடு முப்பதில் இருக்கிறது

பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தில் கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. நெடுங்காலம் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்த இக்கல்லூரி, இப்போது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்துள்ளது. இத்தகைய கல்லூரிகளில், பருவத் தேர்வுக்கு முன்பு மாணவர்களிடையே தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு: “இந்தத் தரம் பெற இறுதித் தேர்வில் எவ்வளவு எடுக்க வேண்டும்?”

எளிய கழித்தல் கணக்கு என்றே இது தோன்றும். ஆனால், அந்தக் கணக்கு பலரைத் தவறான நம்பிக்கையில் விட்டுவிடுகிறது.

திருவள்ளுவர் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் இளநிலை வகுப்புகளில் பின்பற்றிவந்த முறையை எடுத்துக்கொள்வோம். ஒரு தாளுக்கு அகமதிப்பீடு 25, இறுதித் தேர்வு 75, ஆக மொத்தம் 100. தேர்ச்சிக்கு இரண்டு நிபந்தனைகள். மொத்தத்தில் 40 வேண்டும். இறுதித் தேர்வில் மட்டும் தனியே 40 விழுக்காடு, அதாவது 75-க்கு 30 வேண்டும். தேர்ச்சி பெற்றவர்க்கு 40 முதல் ‘சி’, 50 முதல் ‘பி’, 60 முதல் ‘ஏ’, 70 முதல் ‘ஏ பிளஸ்’, 75 முதல் ‘டி’, 80 முதல் ‘டி பிளஸ்’, 90 முதல் ‘ஓ’.

‘டி’ என்றவுடன் பெற்றோர் பதற வேண்டியதில்லை. அது ‘டிஸ்டிங்ஷன்’ என்பதன் முதலெழுத்து. ‘ஏ பிளஸ்’ஸுக்கும் மேலானது.

இரண்டு மாணவிகளைக் கற்பனை செய்வோம். ஒருவர் அகமதிப்பீட்டில் 10, மற்றவர் 20 பெற்றிருக்கிறார். ஒவ்வொரு தரத்துக்கும் இறுதித் தேர்வில் அவர்கள் எடுக்க வேண்டிய குறைந்தபட்ச மதிப்பெண் இது:

| தரம் | அகமதிப்பீடு 10 எனில் | அகமதிப்பீடு 20 எனில் |
|---|---|---|
| சி | 30 | இத்தரம் வராது |
| பி | 40 | 30 |
| ஏ | 50 | 40 |
| ஏ பிளஸ் | 60 | 50 |
| டி | 65 | 55 |
| டி பிளஸ் | 70 | 60 |
| ஓ | எட்ட இயலாது | 70 |

கடைசி வரிசை எல்லோருக்கும் புரியும். 10 பெற்றவர் ‘ஓ’ பெற 80 எடுக்க வேண்டும், தாளே 75-க்குத்தான். அகமதிப்பீட்டில் 15-க்குக் கீழே போன அன்றே அந்தக் கதவு மூடிவிடுகிறது.

முதல் வரிசைதான் கவனிக்கத்தக்கது. 20 பெற்றவர், “நாற்பதில் இருபது கையில் இருக்கிறது, இன்னும் இருபது போதும்” என்று எண்ணுவது இயல்பு. ஆனால், இறுதித் தேர்வில் 29 எடுத்தாலும் மொத்தம் 49 பெற்று அவர் தோல்வியடைவார். இன்னும் ஒரு மதிப்பெண் எடுத்தால் மொத்தம் 50, நேரே ‘பி’. அவருக்குத் தோல்விக்கும் ‘பி’க்கும் இடையே ‘சி’ என்ற படியே கிடையாது. 25-க்கு 25 வாங்கியவர்க்கும் இதே நிலைதான். 29 எடுத்தால் மொத்தம் 54 ஆகும். ஆயினும் அத்தாள் அரியர். 10 மட்டுமே வாங்கிய தோழியோ 30 எடுத்து, மொத்தம் 40-இல் தேறிவிடுவார்.

ஆக, அகமதிப்பீட்டில் பத்துக்கு மேல் சேரும் ஒவ்வொரு மதிப்பெண்ணும் தரத்தை உயர்த்தும். தேர்ச்சியை மட்டும் எளிதாக்காது. இதை அநீதி என்று சொல்லிவிட முடியாது. அகமதிப்பீட்டை வழங்குவது மாணவரின் சொந்தக் கல்லூரி. தனிக் குறைந்தபட்சம் இல்லையெனில், 25 பெற்றவர் இறுதித் தேர்வில் 15 எடுத்தே தேறிவிடலாம். தாராளமாக மதிப்பெண் வழங்கும் கல்லூரியும் கறாரான கல்லூரியும் ஒரே பட்டத்துக்கு வெவ்வேறு அளவுகோல் வைத்ததாகிவிடும். அதைத் தடுக்கும் வேலிதான் இந்த முப்பது.

வரம்புகளின் எடை எல்லா இடத்திலும் ஒன்றல்ல. மேற்கண்ட முறையில் தரப்புள்ளி மதிப்பெண்ணோடு சேர்ந்தே ஏறும், 79-க்கு 7.9, 80-க்கு 8.0. ஒரு மதிப்பெண் குறைந்தால் எழுத்து மாறுமே தவிர சராசரி பெரிதாகச் சரியாது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017ஆம் ஆண்டு ஒழுங்குமுறையிலோ 71 முதல் 80 வரை எல்லோருக்கும் 8 புள்ளி. 81 என்றால் 9. அங்கே ஒரு மதிப்பெண் முழுப் புள்ளியையே தீர்மானித்தது. எனவே, அட்டவணை போடுமுன் தத்தம் ஒழுங்குமுறையைப் பார்ப்பது அவசியம்.

கல்லூரிகள் அகமதிப்பீட்டு மதிப்பெண்ணை அறிவிப்புப் பலகையில் ஒட்டும்போது, அதன் அருகிலேயே ஒவ்வொரு தரத்துக்கும் தேவையான இறுதித் தேர்வு மதிப்பெண்ணையும் அச்சிட்டு ஒட்டலாம். இருபது போதும் என்று நம்பித் தேர்வறைக்குள் செல்லும் மாணவர், முப்பது வேண்டும் என்பதை முடிவு வெளியாகும் நாளில் அறிய நேரக் கூடாது.