பணம் நகராத சோதனைக் கணக்கு

இணையத்தில் சேலை விற்கும் ஒரு கடை. வாடிக்கையாளர் பணம் கட்டியதும் ரசீது மின்னஞ்சலில் போக வேண்டும். இருப்பில் ஒரு சேலை குறைய வேண்டும். இதைத் தானாக நடக்க வைத்துவிட்டு, அன்றே உண்மையான வாடிக்கையாளரிடம் சோதித்துப் பார்ப்பது வம்பு.

ரேசர்பே போன்ற கட்டணச் சேவைகளில் இதற்கென்றே சோதனை முறை உண்டு. அங்கே பணம் கைமாறாது. கடைக்குத் தரப்படும் சாவி `rzp_test_` என்று தொடங்கும். யூபிஐ முகவரியாக `success@razorpay` கொடுத்தால் கட்டணம் வெற்றி. `failure@razorpay` என்றால் தோல்வி. தோல்விக்கும் ரசீது போகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ரசீது வந்துசேரும் முகவரி கடைக்காரருடையதாகவே இருக்கட்டும்.

அடுத்த சிக்கல் நுட்பமானது. பணம் வந்த தகவலைச் சேவை சில சமயம் இருமுறை அனுப்பும். ஒரே தகவலை வேண்டுமென்றே மீண்டும் அனுப்பிப் பாருங்கள். இருப்பு 10-லிருந்து 8 ஆனால் கோளாறு. 9-லேயே நின்றால் சரி. ஒவ்வொரு தகவலின் அடையாள எண்ணையும் குறித்துவைத்து, வந்த எண் மறுபடி வந்தால் ஒதுக்குவதே தீர்வு.

சோதனையில் தேறியது நேரலைக்குத் தானாக மாறாது. சாவியை `rzp_live_` என்று தொடங்குவதாக மாற்றி, தகவல் வரவேண்டிய முகவரியையும் அங்கே புதிதாகப் பதிய வேண்டும். பிறகு சொந்தப் பணத்தில் சிறு தொகை கட்டிப் பார்த்துவிட்டுக் கடையைத் திறக்கலாம்.