உங்களுக்குத் தெரியுமா? உப்பில் பிறந்து உப்பிலேயே வளரும் சிவப்பு!

உப்புப் போட்டுவிட்டால் கருவாடு கெடாது என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? உப்பு இல்லாவிட்டால் உயிர் வாழவே முடியாத நுண்ணுயிர்கள் இருக்கின்றன! அவற்றில் ஒன்றின் பெயர் ஹாலோபாக்டீரியம். கருவாட்டில் அது ஏறுவது மீனிலிருந்து அல்ல, நாம் அள்ளிப் போடும் உப்பிலிருந்து!

தூத்துக்குடி பக்கம் உப்பளப் பாத்தியில் தண்ணீர் இளஞ்சிவப்பாகக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிறத்துக்கு இந்தக் கூட்டமும் ஒரு காரணம்! உப்பு விளையும்போது படிகத்துக்குள் மாட்டிக்கொண்டாலும் சாகாது. அப்படியே மூட்டையேறி மீன் தொட்டிக்கு வந்து சேர்ந்துவிடும்!

இதைத் துப்புத் துலக்கியவர் ஒரு தாவரவியலாளர்! 1870-களின் இறுதியில், அமெரிக்காவின் குளோசெஸ்டர் துறைமுகத்தில், உப்பிட்ட காட் மீன்கள் கோடை வந்தாலே சிவந்து நாறின. வில்லியம் ஃபார்லோ என்பவர் ஆராய்ந்தார். கைகாட்டியது எதை? மீன் வியாபாரிகள் வாங்கிப் போட்ட கடலுப்பை!

உங்கள் கருவாட்டில் சிவப்பு வந்திருக்கிறதா? முதலில் இளஞ்சிவப்புப் புள்ளி. பிறகு கைபட்டால் வழுவழுப்பு. அதன் பிறகு மூக்கைத் துளைக்கும் அம்மோனியா வாடை! அந்த நிலைக்கு வந்த கருவாட்டைக் கழுவிக் குழம்பு வைக்கலாம் என்று ஆசைப்படாதீர்கள், தூக்கி எறியுங்கள்.

வேடிக்கை என்ன தெரியுமா? உப்பில் இவ்வளவு ஆட்டம் போடும் அந்த நுண்ணுயிரை நல்ல தண்ணீரில் போட்டால் வெடித்தே செத்துவிடும்! தொட்டியையும் பலகையையும் நல்ல தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவச் சொல்வது அதனால்தான். ஒருமுறை மீனில் போட்ட உப்பை மறுமுறை போடவே கூடாது, அதில் இதன் குடும்பமே குடியிருக்கும்!

கொச்சியில் இருக்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதற்கு ஒரு பொடி சொல்கிறது. பொடியுப்பு 27 பங்கு, கால்சியம் புரோபியோனேட் 3 பங்கு. ரொட்டியில் பூஞ்சை வராமல் இருக்கப் போடுகிறார்களே, அதே பொருள்தான்! 10 கிலோ கருவாட்டுக்கு 1 கிலோ தூவினால் சிவப்பும் பூஞ்சையும் கிட்டே வருவது குறையும். சமைக்கும் முன் கழுவினால் பொடி போய்விடும்!

சரி, உப்பு எவ்வளவு? சீலா போன்ற பெரிய மீன் 10 கிலோ என்றால், வயிற்றைக் கீறிக் குடல் எடுத்து, விரித்துக் கழுவி, உப்பு 2.5 கிலோ! ஓர் அடுக்கு உப்பு, ஓர் அடுக்கு மீன் என்று தொட்டியில் அடுக்கி மேலே கல்லை ஏற்றுங்கள். ஒரு நாளில் மீனே தன் தண்ணீரைக் கக்கி அதிலேயே மூழ்கிக் கிடக்கும்!

நெத்திலிக்கு உப்பே வேண்டாம், நல்ல வெயில் போதும்! ஆனால் காய்ந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துச் சொல்லாதீர்கள், தராசைக் கேளுங்கள். பச்சை நெத்திலி 10 கிலோவில் சுமார் 7.5 கிலோ வெறும் தண்ணீர்! மிச்சம் 2.5 கிலோதான் சதை, முள் எல்லாம். தராசு 3.3 கிலோ காட்டினால் ஈரம் இன்னும் 25 சதவீதம்: பாக்டீரியா அடங்கும், பூஞ்சை அடங்காது! 2.9 கிலோவுக்கு இறங்கினால்தான் ஈரம் 15 சதவீதத்தைத் தொடும். அந்த 400 கிராம்தான் மழைக்காலத்தில் மூட்டையைக் காப்பாற்றும்!

பெரிய மீனில் இன்னொரு ஏமாற்று உண்டு. முதல் நாளே கொதிக்கும் வெயிலில் போட்டால் மேல்தோல் ஓடுபோல இறுகிவிடும். உள்ளே இருக்கும் தண்ணீருக்கு வெளியே வர வழியே இல்லை! மேலே மொடமொடப்பு, முள்ளோரம் அழுகல்! தடித்த இடத்தில் அழுத்திப் பாருங்கள், மெத்தென்று அமுங்கினால் வேலை முடியவில்லை.

ஈ முட்டையிடுவது காய்ந்த கருவாட்டில் அல்ல, முதல் நாள் ஈரக் கருவாட்டில்! ஒரே ஈ 200 முட்டைக்கு மேல் இடும், ஒரு நாளுக்குள் புழு நெளியும்! மணலில் பரப்பாமல் இடுப்புயரப் பரணில் வலை விரித்துப் போட்டால் அடியிலும் காற்றோடும், சீக்கிரம் காயும், ஈக்குக் கிடைக்கும் நேரமும் குறையும்.

இப்போது சொல்லப்போவதுதான் உச்சம்! சூரை, அயிலை, மத்தி மூன்றும் பிடித்த பிறகு ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் உருவாகும். அந்த மீனைச் சாப்பிட்டால் முகம் சிவக்கும், உடல் தடிக்கும், தலை வலிக்கும்! உருவான ஹிஸ்டமின் பிறகு எவ்வளவு உப்பு போட்டாலும் போகாது. எத்தனை நாள் காய வைத்தாலும் போகாது. குழம்பில் 100 டிகிரியில் கொதித்தாலும் போகாது! பார்த்தால் தெரியாது, பல நேரம் முகர்ந்தாலும் தெரியாது. கருவாட்டு மீனுக்கும் உப்புத் தொட்டியில் இறங்கும்வரை ஐஸ் வேண்டும்!