வால் முளைக்காத துளி

பாட்டிலைச் சுற்றிப் பழச்சாறு சுழன்றெழுந்து அந்தரத்தில் நிற்கும் விளம்பரப் படத்தைப் பார்த்தால், கேமராவின் ஷட்டர்தான் அதை நிறுத்தியிருக்கும் என்று தோன்றும். உண்மையில் நிறுத்துவது ஃபிளாஷ். சொட்டிய பால் கிரீடம்போல் எழும்பும் புகழ்பெற்ற வண்ணப் படத்தை 1957இல் ஹெரால்ட் எட்ஜர்டன் எடுத்ததும் இந்த வழியில்தான்: இருட்டறை, நொடியின் மிகச் சிறு பகுதியில் மின்னி அணையும் விளக்கு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாட்டிலோடு சேர்த்து 30 சென்டிமீட்டர் உயரம் படத்தில் 6,000 பிக்சலாகப் பதிகிறது. சாறு நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் தெறிக்கிறது. ஃபிளாஷ் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு எரிந்தால், அதற்குள் துளி 3 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். படத்தில் அது 60 பிக்சல் நீளத் தீற்றல். இருபதாயிரத்தில் ஒரு பங்கு மட்டும் எரிந்தால் 3 பிக்சல்தான், கண்ணுக்குத் தெரியாது. கேமராவின் மேல் பொருத்தும் சிறிய ஃபிளாஷ்களில் ஆற்றலைக் குறைக்கக் குறைக்க மின்னல் நேரமும் குறையும். பழைய வகை ஸ்டூடியோ விளக்குகள் பலவற்றில் ஆற்றலைக் குறைத்தால் நேரம் கூடிவிடும். வாடகைக்கு எடுக்கும்போது இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

விளம்பரம் கேட்பவர் எழுதித் தரும் குறிப்பிலேயே பாதி வேலை முடிந்துவிடும். ‘சாறு அழகாகத் தெறிக்கட்டும்’ என்றால் யாருக்கும் எதுவும் புரியாது. இப்படி எழுதினால் புரியும்: ‘பாட்டிலின் வலப்பக்க அடியிலிருந்து மெல்லிய ஏடாக எழுந்து, கழுத்தருகே இடப்பக்கம் வளைய வேண்டும். ஏட்டின் நுனியில் மட்டும் மிளகளவு துளிகள், 4 முதல் 5 மில்லிமீட்டர். பொடித் தூறல் வேண்டாம். எந்தத் துளிக்கும் வால் இருக்கக் கூடாது.’

இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வேலை உண்டு. ‘ஏடு’ என்றால் சாற்றில் கிளிசரின் கலந்து கொஞ்சம் கெட்டியாக்க வேண்டும். நீர்த்த சாறு சட்டென்று சிதறிப் பொடித்துளியாகிவிடும். ‘வலமிருந்து இடம்’ என்றால் எங்கிருந்து வீசுவது, எங்கே ஃபோகஸ் வைப்பது என்பது முடிவாகிறது. விளிம்பு துலங்க வேண்டுமானால் வெளிச்சம் பின்னாலிருந்து, மங்கல் திரை வழியாக வர வேண்டும். முன்னாலிருந்து மட்டும் அடித்தால் சாறு ஒளி ஊடுருவாமல் தட்டையாகத் தெரியும்.

எடுத்த படத்தைத் திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கி, ஒரே ஒரு துளியைப் பார்த்தால் பிழை தெரிந்துவிடும். நகரும் திசையில் மட்டும் இழுபட்டிருந்தால் ஃபிளாஷ் அதிக நேரம் எரிந்திருக்கிறது. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மங்கியிருந்தால் துளி ஃபோகஸ் எல்லைக்கு வெளியே போயிருக்கிறது. F/11 அல்லது f/16க்குப் போக வேண்டும்.

நல்ல ஏடும் நல்ல துளிகளும் ஒரே வீச்சில் அமைவது அரிது. அதனால் பாட்டிலைத் தனியாகவும் தெறிப்புகளைத் தனித்தனியாகவும் எடுத்துப் பிறகு இணைக்கிறார்கள். அப்போது விளக்கையும் கேமராவையும் இம்மியும் நகர்த்தக் கூடாது. ஒளி வரும் திசை மாறினால், ஒட்டிய துளி தனியாகத் தெரிந்துவிடும்.