பழைய வைத்தியசாலையிடம் பதிவேடு கேட்பது: கல்முனையில் எழுதிய இரண்டு கடிதங்கள்

கல்முனையில் எங்கள் தெருவில் இருக்கும் காக்கா ஒருவர், 2006 ஓகஸ்ட் மாதம் மூதூர்ச் சண்டையில் அகப்பட்டு முதுகில் காயப்பட்டவர். வேறு மாவட்டத்து வைத்தியசாலையொன்றில் சத்திரசிகிச்சை செய்தார்கள். இப்போது கால் விறைக்கிறது. எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று யோசித்த டாக்டர், முதலில் பழைய சத்திரசிகிச்சைக் குறிப்பைக் கேட்டார். அந்த இயந்திரத்தின் காந்தம் உடலில் கிடக்கும் இரும்புத் துண்டை அசைத்துவிடும். எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்பது தெரிய வேண்டும்.

மகள் ஒரு கடிதம் எழுதிக்கொண்டு போனார். "வாப்பாவின் மருத்துவ அறிக்கைகளைத் தந்துதவவும்", கீழே மகளின் கையெழுத்து. திருப்பி அனுப்பிவிட்டார்கள். கோபம் வந்தாலும், யோசித்தால் அது சரிதான். அவர் உண்மையில் மகளா, வாப்பாவுக்கு இது தெரியுமா என்று பதிவேட்டு அறையில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டமும், நோயாளி எழுத்தில் சம்மதிக்காவிட்டால் மருத்துவப் பதிவேட்டைக் கொடுக்க மறுக்கலாம் என்றே சொல்கிறது.

இரண்டாவது கடிதத்தை மூவருமாக இருந்து எழுதினோம். டயக்னோசிஸ் கார்ட் தொலைந்திருந்தது. ஆனால் பழைய கிளினிக் கொப்பியின் மட்டையில் பி.எச்.டி. இலக்கம் இருந்தது. பழைய கட்டுகள் அந்த இலக்கத்தின்படிதான் அடுக்கப்பட்டிருக்கும். இலக்கம் இல்லாதவர்கள் அனுமதித்த மாதத்தையும் வார்டையும் எழுத வேண்டும். பெயரை அடையாள அட்டையில் உள்ளபடியும், அன்று வைத்தியசாலையில் பதிந்திருக்கக்கூடிய விதமாகவும் எழுதுவது நல்லது. எங்கள் ஊரில் வாப்பாவின் பெயர் முன்னால் வரும்; அவசரத்தில் பதிந்தவர் அதையே நோயாளியின் பெயராக எழுதியிருப்பார்.

கடிதத்தின் நடுப்பகுதி இது:

"2006 ஓகஸ்ட் அனுமதியின்போது எனக்குச் செய்த சத்திரசிகிச்சைக் குறிப்பினதும் எக்ஸ்ரே அறிக்கையினதும் உறுதிப்படுத்திய பிரதிகள் தேவை. எம்.ஆர்.ஐ. எடுப்பது பாதுகாப்பானதா என்று எனது வைத்தியர் தீர்மானிப்பதற்காகக் கேட்கிறேன். வைத்தியரின் கடிதம் இணைக்கப்பட்டுள்ளது. இந்த அனுமதிக்குரிய பிரதிகளை மட்டும் எனது மகளிடம் (பெயர், அடையாள அட்டை இலக்கம்) ஒப்படைக்கச் சம்மதிக்கிறேன்."

கீழே காக்காவின் கையெழுத்து, திகதி, இருவரின் அடையாள அட்டைப் பிரதிகள்.

நோக்கத்தை எழுதியதால், முழுக் கட்டையும் பிரதி எடுக்காமல் எந்தத் தாளைத் தேடுவது என்று அவர்களுக்குப் புரிந்தது. "மட்டும்" என்ற சொல்லை நான்தான் சேர்க்கச் சொன்னேன். போர்க்காயம் பற்றிய தாள்கள் யார் கைக்குப் போகும் என்ற பயம் நம்மவர்களுக்கு இன்னும் உண்டு. "எல்லாப் பதிவேடுகளும்" என்று கையெழுத்திட்டுக் கொடுக்கத் தேவையில்லை.

பதிலே வராவிட்டால், அதே விபரங்களோடும் சம்மதத்தோடும் வைத்தியசாலையின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் கொடுப்பதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். அங்கே காரணம் சொல்வதுகூடக் கட்டாயமில்லை. ஆனால் பழைய கட்டு அழிக்கப்பட்டிருந்தால் எந்தச் சட்டமும் அதை மீட்டுத் தராது. அப்போது "பதிவேடு இல்லை" என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டால், டாக்டர் புதிய எக்ஸ்ரேயில் இருந்து தொடங்கலாம்.

காக்காவின் குறிப்பு கிடைத்தது. இரண்டு துண்டுகளை எடுத்திருந்தார்கள். முள்ளந்தண்டுக்கு அருகில் ஒன்றை விட்டிருந்தார்கள். டாக்டர் எம்.ஆர்.ஐ.யைக் கைவிட்டு சி.டி. ஸ்கேனுக்கு எழுதினார்.