ஒரு நாளின் விலை என்ன?

ஒரு வேலைத்திட்டம் முடிய எத்தனை நாள் ஆகும் என்பதை அதிலுள்ள எல்லா வேலைகளும் சேர்ந்து தீர்மானிப்பதில்லை. ஒன்று முடிந்த பிறகே அடுத்தது என்று கோத்துச் செய்ய வேண்டிய வேலைகளின் சங்கிலிகளில் எது மிக நீளமோ, அது மட்டுமே தீர்மானிக்கிறது. அந்தச் சங்கிலிக்குக் ‘கிரிட்டிக்கல் பாத்’ என்று பெயர். நெருக்கடிப் பாதை என்று தமிழில் சொல்லலாம். அதில் உள்ள வேலை ஒரு நாள் தள்ளினால் திட்டமே ஒரு நாள் தள்ளும். அதில் இல்லாத வேலைகளுக்கோ கொஞ்சம் தாமதித்தாலும் பாதகமில்லை என்ற தளர்வு உண்டு. கூடுதல் பணம் செலவழித்துத் திட்டத்தைச் சீக்கிரம் முடிப்பதைப் பொறியாளர்கள் ‘கிராஷிங்’ என்கிறார்கள். எந்த வேலையில் எவ்வளவு பணம் போட்டால் மிக மலிவாக நாள் குறையும் என்பதே அதன் கேள்வி.

இந்தக் கேள்வி ஒரு ரசாயனக் கம்பெனியில் பிறந்தது. 1950-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் டுபான்ட் நிறுவனத்தைச் சேர்ந்த மார்கன் வாக்கரும், ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தின் கணினிப் பிரிவைச் சேர்ந்த ஜேம்ஸ் கெல்லியும் இதற்காகச் சேர்ந்து உழைத்தார்கள். தொழிற்சாலை கட்டுவதில் தாமதம் வந்தால் நிர்வாகிகள் எல்லா வேலைக்கும் ஓவர்டைம் அறிவிப்பதே அன்றைய வழக்கம். அந்தப் பணத்தில் பெரும்பகுதி, தளர்வு உள்ள வேலைகளை முன்னதாக முடித்துவிட்டுக் காத்திருப்பதில் போனது. எதை அவசரப்படுத்த வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்லும் முறையைத்தான் இருவரும் தேடினார்கள். லூயிவில் நகரில் இருந்த டுபான்ட் ஆலையின் பராமரிப்பு நிறுத்தத்துக்கு இந்த முறையைப் பயன்படுத்தியபோது, சராசரியாக 125 மணி நேரம் மூடிக்கிடந்த ஆலை 93 மணி நேரத்தில் திரும்ப ஓடியது.

ஆலையை விட்டுவிட்டுச் சிறிய உதாரணம் ஒன்றை எடுத்துக்கொண்டால் கணக்கு கண்ணுக்குத் தெரியும். ஓர் உணவகத்தின் சமையற்கூடத்தைப் பெயர்த்துப் புதுப்பிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கடை மூடிக்கிடக்கும் ஒவ்வொரு நாளும் வாடகை, சமையல்காரர்களின் சம்பளம், கடன் வட்டி, போன லாபம் எல்லாம் சேர்த்து உரிமையாளருக்கு 8,000 ரூபாய் நஷ்டம். செய்ய வேண்டியவை ஐந்து வேலைகள். முதல் நாளே வடிகால் குழாய் பதிப்பதையும், சுவருக்குள் வயரிங் செய்வதையும் ஒரே நேரத்தில் தொடங்கலாம். குழாய் முடிந்த பிறகே அதன்மேல் தரைக்குக் கான்கிரீட் போட முடியும். குழாய் எந்த மட்டத்தில் வெளியே வருகிறது என்று தெரிந்த பிறகே பின்கட்டில் கழிவுநீர்த் தொட்டி கட்ட முடியும். டைல்ஸ் ஒட்ட வேண்டுமானால் தரையும் தயாராக இருக்க வேண்டும், வயரிங்கும் முடிந்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு விலை கேட்டு வாங்க வேண்டும்: சாதாரணமாகச் செய்தால் எத்தனை நாள், என்ன செலவு? எவ்வளவு அவசரப்படுத்தினாலும் இதற்குக் கீழே போகாது என்ற நாள் எது, அதற்கு என்ன செலவு? இரண்டு கொத்தனார்கள் ஆறு நாளில் டைல்ஸ் ஒட்டுவார்கள். இன்னும் இருவரைச் சேர்த்து, இரவிலும் விளக்குப் போட்டால் நான்கு நாளில் முடியும், ஆனால் 10,000 ரூபாய் கூடும் என்கிறார் ஒப்பந்தக்காரர். அதாவது டைல்ஸ் வேலையில் ஒரு நாளின் விலை 5,000 ரூபாய். இப்படி ஐந்துக்கும் விசாரித்ததில் கிடைத்தது இது:

| வேலை | சாதாரண நாள் | குறைந்தபட்ச நாள் | ஒரு நாள் குறைக்க (ரூ.) |
|---|---|---|---|
| குழாய் | 6 | 4 | 4,000 |
| வயரிங் | 8 | 6 | 4,500 |
| தரை | 4 | 2 | 2,000 |
| தொட்டி | 8 | 6 | 5,000 |
| டைல்ஸ் | 6 | 4 | 5,000 |

இனி சங்கிலிகளை எண்ண வேண்டும். குழாய், தரை, டைல்ஸ் என்று போகும் சங்கிலிக்கு 16 நாள். வயரிங், டைல்ஸ் சங்கிலிக்கு 14 நாள். குழாய், தொட்டி சங்கிலிக்கும் 14 நாள். முதலாவதுதான் நெருக்கடிப் பாதை. கடை 16 நாள் மூடியிருக்கும். வயரிங்கையோ தொட்டியையோ இப்போது அவசரப்படுத்தினால் திறக்கும் தேதி அரை நாள்கூட முன்னே வராது.

நெருக்கடிப் பாதையில் உள்ள மூன்று வேலைகளில் மலிவானது தரை. விரைவில் இறுகும் கலவையும் கூடுதல் ஆட்களும் வைத்தால் ஒரு நாளை 2,000 ரூபாய்க்கு வாங்கிவிடலாம். அதனால் மிச்சமாவது 8,000. இரண்டு நாளைக் குறைத்தால் செலவு 4,000, மிச்சம் 16,000. கைக்கு 12,000 ரூபாய் லாபம். திட்டம் 14 நாளுக்கு வந்துவிட்டது.

இங்கேதான் நிலைமை மாறுகிறது. இப்போது மூன்று சங்கிலிகளுமே சரியாக 14 நாள். மூன்றுமே நெருக்கடிப் பாதைகள். இன்னும் ஒரு நாள் குறைய வேண்டுமானால் மூன்றும் சேர்ந்து குறைய வேண்டும். ஒன்றை மட்டும் குறைத்தால் மற்ற இரண்டும் தேதியைப் பிடித்துக்கொள்ளும். நாளைக் குறைக்கக் குறைக்க அடுத்த நாளின் விலை ஏறிக்கொண்டே போவதற்குக் காரணம் இதுதான்.

மூன்றையும் ஒரே நேரத்தில் குறைக்க என்ன வழி? குழாயையும் வயரிங்கையும் ஒவ்வொரு நாள் குறைக்கலாம்: 4,000, 4,500, மொத்தம் 8,500. தொட்டியையும் டைல்ஸையும் குறைக்கலாம்: 10,000. குழாயையும் டைல்ஸையும் குறைக்கலாம்: 9,000. மூன்றுமே 8,000-க்கு மேல். மிச்சமாவதைவிடச் செலவு அதிகம் என்பதால், 14 நாளே சிக்கனம், இத்தோடு நிறுத்தலாம் என்றுதான் பெரும்பாலோர் முடிவு செய்வார்கள். மலிவானதை முதலில் குறை, பிறகு அடுத்த மலிவானதை எடு என்று வகுப்பில் படித்ததைப் பின்பற்றும் மாணவரும் இங்கேயே பேனாவை மூடிவைப்பார். அந்த முடிவு தவறு.

கடைசி வழியை இன்னொரு முறை பார்க்க வேண்டும். குழாயில் ஒரு நாளும் டைல்ஸில் ஒரு நாளும் குறைத்தால், வயரிங் சங்கிலி 13-க்கு வரும், தொட்டிச் சங்கிலியும் 13-க்கு வரும். ஆனால் குழாயும் டைல்ஸும் இரண்டுமே இடம்பெறும் முதல் சங்கிலி 12-க்கு இறங்கிவிடும். அங்கே ஒரு நாள் வீணாகக் குறைந்திருக்கிறது. அப்படியானால், ஏற்கெனவே காசு கொடுத்துக் குறைத்த தரை வேலைக்கு ஒரு நாளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அதற்காகச் செலவாக இருந்த 2,000 ரூபாய் கைக்குத் திரும்புகிறது. 9,000-த்தில் 2,000 போக, அந்த நாளின் உண்மையான விலை 7,000 ரூபாய்தான். அது 8,000-த்துக்குக் கீழே.

அடுத்த நாளுக்கும் இதே கணக்கு செல்லும். குழாய் நான்கு நாள், டைல்ஸ் நான்கு நாள், தரை பழையபடி நான்கு நாள் என்று திட்டம் 12 நாளில் நிற்கிறது. கூடுதல் செலவு 18,000, மிச்சம் நான்கு நாளுக்கு 32,000. லாபம் 14,000 ரூபாய். முதலில் மிக மலிவு என்று எடுத்துக்கொண்ட தரை வேலையில், கடைசியில் ஒரு பைசாகூடக் கூடுதலாகப் போகவில்லை. அவசரக் கலவை இல்லாமல் கான்கிரீட்டுக்கு முழு நான்கு நாள் கிடைத்ததும் நல்லதே.

இதற்கு மேல் குழாயிலும் டைல்ஸிலும் இடமில்லை. வயரிங், தரை, தொட்டி மூன்றையும் சேர்த்துக் குறைத்தால்தான் அடுத்த நாள் கிடைக்கும், விலை 11,500. கடையைச் சீக்கிரம் திறப்பது மட்டுமே நோக்கமானால் அது கட்டுப்படியாகாது. பத்தாம் நாளே திறந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால் மேலும் இரண்டு நாளுக்கு 23,000 ரூபாய் கொடுக்கலாம். அப்போது ஐந்து வேலைகளும் அவற்றின் குறைந்தபட்ச நாளில் நிற்கும், மொத்தக் கூடுதல் செலவு 41,000, லாபம் 7,000-ஆகச் சுருங்கும். அந்தத் தேதிக்கு உரிமையாளர் கொடுக்கும் விலை என்னவென்று இப்போது அவருக்குத் தெரியும். பேரம் பேச அது போதும்.

ஐந்து வேலைகளில் கண்ணால் கண்டுபிடித்த இந்தத் திருப்பிக் கொடுக்கும் உத்தியை, ஐந்நூறு வேலைகள் உள்ள திட்டத்தில் கண்ணால் பிடிக்க முடியாது. அதற்கான கணித வழியை 1961-இல் கெல்லியும், டெல்பர்ட் ஃபுல்கர்சன் என்ற கணிதவியலாளரும் தனித்தனியே வெளியிட்டார்கள். ஃபுல்கர்சன் வழியில் நெருக்கடிப் பாதைகளைத் தண்ணீர்க் குழாய்களின் வலையாகவும், ஒரு நாளைக் குறைக்கும் விலையைக் குழாயின் கொள்ளளவாகவும் பாவிக்கிறார்கள். தொடக்கத்திலிருந்து முடிவுக்குத் தண்ணீர் போகாதபடி மிகக் குறைந்த கொள்ளளவில் வலையை எங்கே வெட்டலாம் என்று கண்டுபிடித்தால், அதுவே அடுத்த நாளை வாங்க மிக மலிவான இடம். வெட்டுக்கோட்டை எதிர்த்திசையில் கடக்கும் வேலைதான் நாளைத் திரும்பப் பெறும் வேலை. உதாரணத்தில் அது தரை.

இந்தக் கணக்கு ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: முதல் நாளைக் குறைக்க என்ன விலையோ, அதே விலைதான் இரண்டாம் நாளுக்கும். நடைமுறையில் ஓவர்டைமில் கிடைக்கும் முதல் நாள் மலிவு. இரண்டாம் ஷிப்டுக்கு ஆள் பிடிக்க வேண்டி வரும்போது விலை தாவும். விலை படிப்படியாக ஏறினால் ஒரே வேலையைத் துண்டுகளாகப் பிரித்து இதே முறையில் சமாளிக்கலாம். ‘நான்கு நாள் அல்லது ஆறு நாள், நடுவில் ஐந்து கிடையாது’ என்ற வகையிலான வேலைகள் வந்தால், பெரிய திட்டங்களில் மிகச் சிறந்த விடையைக் கண்டுபிடிப்பது கணினிக்கும் கடினமாகிவிடுகிறது.

ஆள் விஷயத்தையும் வரைபடம் தானாகச் சொல்லாது. வரைபடத்தில் தொட்டி வேலைக்கும் டைல்ஸ் வேலைக்கும் தொடர்பே இல்லை. ஆனால் அவசரத்துக்குக் கூப்பிட்ட கொத்தனார் இரண்டுக்கும் ஒருவரே என்றால், அவர் ஒன்றை முடித்த பிறகே மற்றதைத் தொடுவார். புதிதாக ஒரு சங்கிலி முளைத்துவிடும். சிறிய சமையற்கூடத்தில் நான்கு பேருக்கு மேல் உட்கார்ந்து டைல்ஸ் ஒட்டவும் இடமிருக்காது. 12 நாள் திட்டத்தில் மூன்று சங்கிலிகளும் ஒரே நீளத்தில் இருப்பதால் எதிலும் தளர்வு கிடையாது. ஐந்தில் எந்த வேலை ஒரு நாள் பிந்தினாலும் திறப்பு தள்ளிப்போகும்.

ஆகவே நாளைக் குறைக்கும் ஒவ்வொரு முறையும் சங்கிலிகளைப் புதிதாக எண்ண வேண்டும். கூடுதல் கூலி கொடுத்த பிறகும் முடியும் தேதி நகரவில்லை என்றால், பணம் நெருக்கடிப் பாதையில் இல்லாத வேலைக்குப் போயிருக்கிறது, அல்லது இன்னொரு சங்கிலி அதே நீளத்துக்கு வந்திருக்கிறது. அன்றைக்கே ஓவர்டைமை நிறுத்திவிட்டு வரைபடத்தை எடுத்துப் பாருங்கள்.